சுகர் எகிறிவிட்டது: எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?

ஒரு வீட்டில் மீட்டர் 420 காட்டுகிறது. ஆள் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காலையில் நன்றாகத்தான் சாப்பிட்டார். இன்னொரு வீட்டில் 290தான். ஆனால் விடிந்ததிலிருந்து மூன்று தடவை வாந்தி, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது. இந்த இருவரில் யாரை முதலில் வண்டியில் ஏற்றுவது? பெரும்பாலான வீடுகளில் 420ஐப் பார்த்துத்தான் பதறுவார்கள். ஏற்ற வேண்டியவர் 290 உள்ளவர்.

அது ஏன் என்று புரிந்துவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமும் கேட்க முடியாத நேரத்திலும் சரியான முடிவை எடுத்துவிடலாம். இங்கே வரும் சுகர் எண்கள் எல்லாம் இந்தியாவில் வழக்கமான மி.கி. கணக்கு. சிங்கப்பூர், மலேசியா, லண்டனில் இருப்பவர்களின் மீட்டர் மில்லிமோலில் காட்டும். அதை 18ஆல் பெருக்கினால் இந்தக் கணக்குக்கு வந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

சுகர் அதிகமாகி உயிருக்கு ஆபத்து வருவது இரண்டு வழிகளில்.

முதல் வழி, இன்சுலின் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுவது. ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தும் செல்களுக்குள் போக முடியாது. உடம்பு கொழுப்பை உடைக்கத் தொடங்கும், கல்லீரல் அதைக் கீட்டோன்களாக மாற்றும். கீட்டோன் ஓர் அமிலம். அது சேரச் சேர ரத்தம் அமிலமாகும், வயிறு வலிக்கும், வாந்தி வரும். அமிலத்தைக் குறைக்க உடம்பு கரியமில வாயுவை வெளியே தள்ளப் பார்க்கும். அதனால்தான் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் போகிறது. டாக்டர்கள் இதை டிகேஏ என்பார்கள். சில மணி நேரத்திலிருந்து ஓரிரண்டு நாளுக்குள் முற்றிவிடும். டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருவது இது. டைப் 2 உள்ளவர்களுக்கும் கடுமையான தொற்று, மாரடைப்பு போன்ற நேரங்களில் வரும்.

இதில் ஆளைச் சாய்ப்பது அமிலம். சர்க்கரை 250லேயே நின்றுகொண்டிருக்க, அமிலம் ஆபத்தான அளவைத் தாண்டியிருக்கலாம். மீட்டர் அளப்பது சர்க்கரையை மட்டும்தான், அமிலத்தை அது பார்ப்பதே இல்லை.

இரண்டாவது வழி மெதுவானது. வயதான டைப் 2 நோயாளிகளிடம் அதிகம் பார்க்கலாம். கீட்டோன் உண்டாகாமல் தடுக்கும் அளவுக்கு இன்சுலின் இருக்கும், சர்க்கரையைச் செலவழிக்கும் அளவுக்கு இருக்காது. சுமார் 180ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் இறங்கும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நாள்கணக்கில், சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் இது நடக்கும். உடம்பு வற்றிச் சர்க்கரை 600, 800, 1000 என்று போகும்போது மூளை மந்தமாகிறது. இதன் பெயர் எச்ஹெச்எஸ். வாந்தியும் வயிற்று வலியும் பெரிதாக இல்லாததால், "தாத்தா ரெண்டு நாளா அசந்து அசந்து தூங்கறார், வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுவார்கள். முதுமையில் தாகம் சரியாகத் தெரியாது. தானாக எழுந்து தண்ணீர் எடுத்துக் குடிக்க முடியாதவராக இருந்தால் நிலைமை இன்னும் சீக்கிரம் மோசமாகும்.

முதலில் ஆளைப் பார்க்க வேண்டும்

மீட்டரைத் தேடுவதற்கு முன் ஒரு நிமிடம் ஆளைக் கவனியுங்கள். கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தாலே, எண் என்னவாக இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

கூப்பிட்டால் சரியாகப் பதில் வருகிறதா? பெயர், இன்று என்ன கிழமை, இது யார் என்று கேளுங்கள். குழறினாலோ, தூக்கத்திலேயே இருந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெறும் அசதி அல்ல. எச்ஹெச்எஸ்ஸில் சிலருக்கு ஒரு பக்கம் கை கால் பலவீனமாகும், வலிப்பும் வரும். பார்ப்பவர்கள் பக்கவாதம் என்றே நினைப்பார்கள். எதுவானாலும் போக வேண்டிய இடம் ஒன்றுதான்.

அடுத்தது மூச்சு. மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இருக்கும். 25, 30 என்று போய், ஒவ்வொரு மூச்சும் ஓடி வந்தவர் போல ஆழமாக இருந்தால், சளியோ இருமலோ வீசிங்கோ இல்லாவிட்டால், அது அமிலத்தின் வேலை. மூச்சில் அழுகிய பழ வாடையோ நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடையோ வரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் பலருக்கு அந்த வாடை மூக்குக்குத் தெரிவதே இல்லை. அதனால் வாடை வரவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள்.

மூன்றாவது வாந்தி. ஒரு தடவை வந்து நின்றுவிட்டால் காத்திருந்து பார்க்கலாம். குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்கிறது என்றால் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது. கூடவே வயிற்று வலியும் இருந்தால் பெரும்பாலும் கேஸ் என்று நினைத்து மாத்திரை போடுவார்கள். சர்க்கரை நோயாளிக்கு வாந்தியோடு வயிற்று வலி வந்தால், கேஸ் மாத்திரைக்கு முன் சுகரையும் கீட்டோனையும் பார்த்தாக வேண்டும்.

நெஞ்சு வலி, காரணமில்லாத வியர்வை, சிறுநீர் நின்றுபோவது, நாக்கு காய்ந்து கண் உள்ளே போவது ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஒன்று கட்டாயம் நினைவிருக்கட்டும்: மயங்கிக் கிடப்பவருக்குச் சுகர் குறைந்தும் இருக்கலாம். அளக்காமல் இன்சுலின் போடவே கூடாது. வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

மீட்டரை ஒழுங்காகப் பாருங்கள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே குத்த வேண்டும். மாம்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு 150ஐ 300ஆக்கிவிடும். எண் சந்தேகமாக இருந்தால் வேறு விரலில், புது ஸ்ட்ரிப்பில் இன்னொரு தடவை பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பா மூடாமல் கிடந்ததா, தேதி தாண்டியதா என்பதையும் கவனியுங்கள்.

மீட்டர் எண்ணுக்குப் பதிலாக HI என்று காட்டினால் பலர் அதை மீட்டர் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான மீட்டர்களில் அதன் பொருள் 600க்கு மேல், சில மீட்டர்களில் 500க்கு மேல். கழுவிய கையில் இரண்டாம் தடவையும் HI வந்தால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. இன்னொரு விஷயம், உடம்பு மிகவும் வற்றிப்போய் ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் விரல் ரத்தம் தரும் எண்ணை நம்ப முடியாது. ஆள் மோசமாக இருந்து எண் மட்டும் சுமாராக இருந்தால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

இனி எண்ணை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று பார்ப்போம். 300க்கு மேல், ஆனால் மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லை, தண்ணீர் குடிக்க முடிகிறது என்றால், டாக்டர் சொல்லியிருக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு, நிறையத் தண்ணீர் குடித்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி பார்க்கலாம். அப்போதும் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். 300க்கு மேல் இருந்து வாந்தியோ, மூச்சு வேகமோ, காய்ச்சலோடு கடுமையான அசதியோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்த எல்லை இன்னும் கீழே: 200ஐத் தாண்டி வாந்தியோ கீட்டோனோ இருந்தால் கிளம்பிவிட வேண்டும்.

குழந்தைகள் விஷயம் தனி. இதுவரை சர்க்கரை நோய் இல்லாத பிள்ளை திடீரென்று மெலிகிறது, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்திருக்கிறது என்றால் அன்றைக்கே சுகர் பார்க்க வேண்டும். 200க்கு மேல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே ராத்திரியில் டிகேஏ வந்துவிடும்.

கீட்டோன் ஸ்ட்ரிப்

இன்சுலின் போடும் எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டிய பொருள் இது. நம் ஊரில் பல வீடுகளில் இருப்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் சிறுநீருக்கான கீட்டோன் ஸ்ட்ரிப் டப்பா கிடைக்கும். புதிதாகப் பிடித்த சிறுநீரில் நனைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நொடிக்கணக்குப்படி காத்திருந்து, நிறத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். ஊதா நிறம் கூடக் கூடக் கீட்டோன் அதிகம். இரண்டு பிளஸ் அல்லது அதற்கு மேல், கூடவே சுகரும் அதிகம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 0.6க்குக் கீழ் இயல்பு. 1.5 வரை என்றால் ஓரிரு மணி நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 1.5க்கு மேல் டாக்டரை அழைக்க வேண்டும். 3ஐத் தொட்டுவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போட முடியாது. சிறுநீர் ஸ்ட்ரிப் ரத்தத்தைவிடச் சில மணி நேரம் பின்தங்கியே காட்டும். அதனால் ஆள் சோர்ந்து கிடக்கும்போது ஸ்ட்ரிப்பில் நிறம் லேசாக இருந்தாலும் அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

சுகர் 200க்குக் கீழே இருந்தும் ஆபத்து

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் என்று கிளிஃப்ளோசினில் முடிகிற மாத்திரைகள் இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும் மருந்துகள் இவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்வதால் கொடுக்கப்படுகின்றன. ஆனால் இவற்றைச் சாப்பிடுபவருக்குச் சுகர் 160, 180 என்று அடங்கியிருக்கும்போதே உள்ளே டிகேஏ வந்திருக்கலாம். பட்டினி, வாந்தி பேதி, ஆபரேஷன், இன்சுலினைத் திடீரென்று குறைப்பது ஆகியவை இதைத் தூண்டும். எனவே இந்த மாத்திரை சாப்பிடுபவர் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்று சொன்னால் சுகர் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கீட்டோன் பாருங்கள். கேஷுவாலிட்டியில் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அங்கேயும் "சுகர் நார்மல்தான்" என்று விட்டுவிட வாய்ப்பு உண்டு.

ஓர் உதாரணம், மணிக்கணக்காக

அடிக்கடி நடப்பதைப் போலவே ஒன்றை எடுத்துக்கொள்வோம். 23 வயது இளைஞர், டைப் 1, தினம் நான்கு வேளை இன்சுலின். சனிக்கிழமை கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி வாந்தி. "எதுவுமே சாப்பிடலையே, இன்சுலின் போட்டா லோ ஆகிடும்" என்று படுக்கப் போகும்போது போட வேண்டிய நீண்ட நேர இன்சுலினைப் போடாமல் விட்டுவிடுகிறார்.

காலை 6 மணிக்கு 286. கல்யாண மண்டபத்தில் 380 இருந்தது, இப்போது இறங்கியிருக்கிறது என்று அம்மாவுக்கு நிம்மதி. அந்த நேரத்தில் ஒரு கீட்டோன் ஸ்ட்ரிப் நனைத்திருந்தால் இரண்டு பிளஸ் காட்டியிருக்கும், கதை அங்கேயே முடிந்திருக்கும். 9 மணிக்கு 312, வயிற்று வலி, மூன்றாவது வாந்தி. தெருமுனை கிளினிக்கில் கேஸுக்கு ஒரு ஊசி போட்டு, "வீக்கா இருக்கார், ஒரு பாட்டில் ஏத்திடலாம்" என்கிறார்கள். ஏற்றியது குளுக்கோஸ் டிரிப்ஸ். 11 மணிக்கு மூச்சு நிமிடத்துக்கு 32. கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில். அப்போதுதான் 108.

ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனையில் சுகர் 391, ரத்தக் கீட்டோன் 5.6, ரத்தத்தின் பிஎச் 7.1. இயல்பு 7.35 முதல் 7.45 வரை. 7.3க்குக் கீழே போனாலே டிகேஏ, 7.1 என்பது ஆபத்தான நிலை. சுகர் மட்டும் கடைசிவரை 400ஐத் தொடவில்லை.

தவறு தொடங்கிய இடம் இன்சுலினை விட்டதுதான். காய்ச்சல், வாந்தி நேரத்தில் சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு இன்சுலின் தேவை. பெரும்பாலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். நீண்ட நேர இன்சுலினை நிறுத்தவே கூடாது. சாப்பாட்டுக்கான வேளை இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். மாத்திரைகளில் கதை நேர்மாறு. மெட்ஃபார்மினையும் மேலே சொன்ன கிளிஃப்ளோசின் வகையையும் வாந்தி நிற்கும்வரை நிறுத்திவைக்கச் சொல்வார்கள்.

சரி, இன்சுலின் போட்டும் சுகர் இறங்கவில்லை என்றால்? மருந்தைச் சந்தேகப்படுங்கள். வெயிலில் பைக் டாங்க் கவரில் கிடந்த குப்பி, ஃப்ரீசரில் உறைந்த குப்பி எல்லாம் வேலை செய்யாது. சிரிஞ்சையும் பாருங்கள். நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கடையில் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சைத் தந்து, அதில் 20 என்ற கோடு வரை எடுத்துப் போட்டால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். இது பல நாள் தொடர்ந்து, காரணம் தெரியாமலே சுகர் ஏறிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

கிளம்பும்போது

நோயாளி தானே வண்டி ஓட்டக் கூடாது. வாந்தி, மூச்சு வாங்கல், குழப்பம் இருந்தால் கிளினிக்கில் வரிசையில் உட்கார வேண்டாம். ஐசியூவும் இரவு பகலாக லேபும் உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இரண்டும் இருக்கும். நினைவோடு இருந்து வாந்தி இல்லையென்றால் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம். "தெம்பு வரும்" என்று இளநீர், ஜூஸ், குளுக்கோஸ் பவுடர் வேண்டாம். எண் இறங்க வேண்டுமே என்று அரை மணிக்கு ஒரு தடவை இன்சுலின் குத்திக்கொண்டே இருப்பதும் ஆபத்து.

மீட்டரையும், இன்சுலின் குப்பியையும் சிரிஞ்சையும், எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கேஷுவாலிட்டியில் சொல்ல வேண்டியது நாலே வரி: "சுகர் பேஷண்ட். கடைசியா இன்சுலின் போட்டது நேத்து மதியம். காலையிலிருந்து இத்தனை வாந்தி, சுகர் இவ்வளவு. கடைசியா யூரின் போனது எத்தனை மணிக்கு." அப்புறம் தயங்காமல் கேளுங்கள்: "கீட்டோன் பாத்தீங்களா சார்?"

உள்ளே சேர்த்த பிறகு

முதலில் உப்புநீர் டிரிப்ஸ் வேகமாக ஏறும். டிகேஏவில் பெரியவர் ஒருவர் சுமார் 6 லிட்டர் தண்ணீரை இழந்திருப்பார், எச்ஹெச்எஸ்ஸில் 9 லிட்டர் வரை. இன்சுலின் ஏன் உடனே போடவில்லை என்று உறவினர்கள் கோபப்படுவது உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியாமல் போட முடியாது. இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும். ஏற்கெனவே 3.5க்குக் கீழே இருந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும், அதனால் அதை முதலில் ஏற்றிவிட்டுத்தான் இன்சுலின்.

சில மணி நேரத்தில் சுகர் 250க்கு இறங்கும். அப்போது இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளுக்கோஸ் டிரிப்ஸையும் சேர்ப்பார்கள். காலையில் கிளினிக்கில் ஏற்றியது தவறு என்றார்கள், இங்கேயும் அதையே ஏற்றுகிறார்களே என்று பயப்பட வேண்டாம். காலையில் ஏற்றியபோது இன்சுலின் இல்லை. இப்போது அமிலம் முழுதாகக் குறையும்வரை இன்சுலினை நிறுத்த முடியாது. அதுவரை சுகர் மிகவும் கீழே போய்விடாமல் இருக்கவே இந்தக் குளுக்கோஸ். "சுகர் 180 வந்துடுச்சு, டிஸ்சார்ஜ் பண்ணுங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள். கீட்டோன் 0.6க்குக் கீழே வந்து, பிஎச் 7.3 ஆகி, ஆள் வாய்வழி சாப்பிடத் தொடங்கிய பிறகு, நீண்ட நேர இன்சுலினைத் தோலுக்கடியில் போடுவார்கள். அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கையில் ஓடும் இன்சுலினை நிறுத்துவார்கள்.